பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள்: புதிய செயலியில் தமிழ் தெரியாதபோது அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சிராங்கூன் பக்கம் வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய துணைப்பாட நிலையத்தில், சனிக்கிழமைகளில் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் வழக்கம். மாணவர் பதிவு, வருகைப் பட்டியல், ஆண்டிறுதிச் சான்றிதழ் ஆகிய மூன்றுக்குமாக அங்கே அண்மையில் ஒரு புதிய செயலியை நிறுவினோம். அங்கேயே படித்து வளர்ந்த முன்னாள் மாணவர் ஒருவர் அதைப் பைத்தானில் எழுதிக் கொடுத்திருந்தார். அலமாரியில் இருக்கும் சிறிய கணினியில் உபுண்டு சர்வரை ஏற்றி, அதன்மேல் செயலியை வைத்தோம். ஆசிரியர்கள் தத்தம் மடிக்கணினியில் உலாவியைத் திறந்து அதைப் பயன்படுத்துவார்கள்.

பதிவுப் பக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் குறையின்றித் தெரிந்தன. சான்றிதழை உருவாக்கும் பொத்தானை அழுத்தியபோதுதான் சிக்கல் வந்தது. "தம்பி, சேகர் பேரு இருக்கவேண்டிய இடத்துல அஞ்சு கட்டம் நிக்குது, என்னன்னு பாருங்க" என்று தலைமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அவர் 'அஞ்சு கட்டம்' என்று எண்ணிக்கையோடு சொன்னது எனக்குப் பாதி வேலையைக் குறைத்தது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், தெரிவது கட்டம்தானா என்று உறுதி செய்யுங்கள்

தமிழ் தெரியவில்லை என்று வருகிற புகார்கள் எல்லாம் ஒரே நோய் அல்ல. வெற்றுக் கட்டம், கேள்விக்குறி, `à®` என்று தொடங்கும் கிறுக்கல் ஆகிய மூன்றும் மூன்று வேறு இடங்களில் நேர்ந்த பிழைகளைக் காட்டுகின்றன. இவற்றைப் பிரித்தறியாமல் எழுத்துருவைத் தேடிக் கிளம்புவது நேரத்தை வீணாக்கும்.

வெற்றுக் கட்டம் என்பது எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் ஓர் உருவம். ஒவ்வோர் எழுத்துருக் கோப்பிலும் முதல் இடத்தில், 'இந்த எழுத்து என்னிடம் இல்லை' என்று காட்டுவதற்காகவே ஓர் உருவத்தை வைத்திருப்பார்கள்; பெரும்பாலானவற்றில் அது ஒரு செவ்வகம். ஆகவே கட்டம் தெரிகிறது என்றால், செயலிக்கு எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, அதை வரைவதற்கு எடுத்துக்கொண்ட எழுத்துருவில்தான் தமிழ் இல்லை என்று பொருள். தரவு அழியவில்லை, பெயர்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கட்டம் விழுந்த உரையைத் தெரிவு செய்து நகலெடுக்க முடிந்தால், அதைத் தமிழ் தெரிகிற வேறொரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழாக மாறினால் ஐயம் தீர்ந்தது.

கேள்விக்குறியோ இழப்பின் அடையாளம். தமிழை அறியாத பழைய குறியீட்டுக்கு உரையை மாற்ற முயன்ற ஏதோ ஒரு நிரல், ஒவ்வொரு குறியையும் `?` ஆக்கிச் சேமித்துவிட்டது. எந்த எழுத்துருவும் அதை மீட்டுத் தராது. மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். எங்கள் நிலையத்தில் ஆண்டுக்கொரு முறையாவது இது நடக்கும். எக்செல் பட்டியலை `CSV (Comma delimited)` என்று சேமிப்பார்கள். பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். `CSV UTF-8` என்று சேமித்தால் நடக்காது. விண்டோஸில் பழைய நிரல்கள் வட்டார அமைப்பின்படி எடுத்துக்கொள்ளும் எட்டுபிட் குறியீட்டு அட்டவணைகளில் தமிழுக்கென ஒன்று இல்லை. எனவே வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் இந்த வகைப் பழைய நிரல்கள் தமிழைக் காட்டப் போவதில்லை.

`à®` வகைக் கிறுக்கல் இடைப்பட்டது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்தால் 'த' என்பது `à®¤` ஆகிவிடும். உரை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் தவறான முறையில் படிக்கப்படுகிறது. கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் சரியாகும்.

இனி, எண்ணிக்கைக்கு வருவோம். 'சேகர்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து குறிகள்:

```
python3 -c "print([hex(ord(c)) for c in 'சேகர்'])"
['0xb9a', '0xbc7', '0xb95', '0xbb0', '0xbcd']
```

ச, ஏகாரத்துக்குரிய இரட்டைக்கொம்பு, க, ர, புள்ளி என்று ஐந்து. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 0B80 முதல் 0BFF வரை. ஐந்தும் அதற்குள் அடங்குகின்றன. ஆசிரியை பார்த்த கட்டங்களும் ஐந்து. ஆகவே பெயர் சிதையாமல் வந்திருக்கிறது என்பதைத் தொலைபேசியிலேயே ஊகிக்க முடிந்தது. பதினைந்து குறிகள் தெரிந்திருந்தால் பைட்டுகள் உடைந்திருக்கின்றன என்று வேறு திசையில் தேடியிருப்பேன். எல்லாச் செயலிகளும் இவ்வளவு ஒழுங்காக ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வரைவதில்லை. சில, உயிர்மெய் முழுவதற்கும் ஒரே கட்டத்தைப் போடும். ஆனாலும் ஐந்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பாது.

ஃபயர்ஃபாக்ஸும் சில லினக்ஸ் செயலிகளும் கட்டத்துக்குள்ளேயே பொடி எழுத்தில் குறியின் எண்ணை எழுதிக் காட்டும். அது பெரிய உதவி. உள்ளே `0B9A` என்பதுபோல் இருந்தால் மேலே சொன்ன அதே நோய். `E1`, `E2`, `E3` என்று தொடங்கினால் அந்த உரை யூனிகோடின் தனிப்பயன் பகுதியைக் கொண்டு எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் புழங்கும் டேஸ்16 குறியீடாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு எழுத்துரு தேடுவதைவிட உரையை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

திரையில் தமிழ் தெரிகிறது, அச்சிலோ பிடிஎஃப்பிலோ கட்டம் விழுகிறது

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எழுத்தை வரைந்தது எந்தக் கணினி? பதிவுப் பக்கத்தை வரைந்தது ஆசிரியையின் மடிக்கணினி. சர்வர் வெறும் குறிகளை அனுப்புகிறது. உலாவி தன் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவைக் கொண்டு அவற்றை எழுத்தாக்குகிறது. சான்றிதழ் அப்படியல்ல. அதைச் சர்வரே படமாக வரைந்து, முடிந்த பொருளாகத்தான் அனுப்புகிறது. மடிக்கணினியில் நூறு தமிழ் எழுத்துருக்களை நிறுவினாலும் அந்தப் படத்தில் இருக்கும் கட்டம் கட்டமாகவே இருக்கும்.

இதைச் சொல்வதற்கு முன்பே நல்லெண்ணத்தோடு ஒருவர் மூன்று மடிக்கணினிகளில் எழுத்துருக்களை இறக்கி நிறுவியிருந்தார். யாரும் செய்யக்கூடிய தவறுதான். கட்டம் எந்தத் திரையில் தெரிகிறதோ அந்தக் கணினியின்மேல்தான் சந்தேகம் வரும்.

சர்வரில் தமிழ் எழுத்துரு ஏதேனும் இருக்கிறதா என்று அறிய ஒரு கட்டளை போதும்:

```
fc-list :lang=ta
```

எங்கள் சர்வரில் இதற்கு ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. சர்வர் வகை உபுண்டு, திரையே இல்லாமல் இயங்குவதற்காகத் தயாரிக்கப்பட்டது. தமிழ் எழுத்துருக்களை அது சுமந்து வருவதில்லை. மேசைக் கணினியில் செயலியை எழுதிச் சோதித்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவருடைய கணினியில் தமிழ் இருந்தது. `fc-list` என்ற கட்டளையே இல்லை என்று பிழை வந்தால் `fontconfig` என்ற தொகுப்பை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துருவைச் சேர்ப்பது இப்படி:

```
sudo apt install fonts-noto-core
fc-cache -f
fc-list :lang=ta
```

இப்போது பட்டியலில் `NotoSansTamil-Regular.ttf` முதலியவை தெரிய வேண்டும். நோட்டோ எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. எத்தனை கணினிகளிலும் தயங்காமல் நிறுவலாம். விண்டோஸில் இருக்கும் எழுத்துருக் கோப்பை நகலெடுத்துச் சர்வரில் போடுவதைச் சிலர் எளிய வழியாக நினைக்கிறார்கள். உரிமம் அதற்கு இடம் தருவதில்லை; தேவையும் இல்லை.

செயலி, பக்கத்தை மறைவாக ஓர் உலாவியில் திறந்து பிடிஎஃப்பாக மாற்றும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், செயலியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கியதும் வேலை முடிந்துவிடும். உலாவிகள் கேட்ட எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கணினியில் வேறு எதில் தமிழ் இருக்கிறது என்று தாமே தேடி எடுத்துக்கொள்ளும். செயலி டாக்கர் கொள்கலனுக்குள் இயங்கினால் எழுத்துருவைக் கொள்கலனுக்குள்தான் நிறுவ வேண்டும். வெளியே நிறுவியது உள்ளே தெரியாது.

எழுத்துருவை நிறுவிய பிறகும் கட்டம் போகவில்லை

எங்களுக்குப் போகவில்லை. மறுதொடக்கம் செய்தும் சேகர் அதே ஐந்து கட்டமாக நின்றார். இந்த இடத்தில்தான் பலர் எழுத்துரு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி வேறு எழுத்துருவை நிறுவத் தொடங்குகிறார்கள். `fc-list` எழுத்துருவைக் காட்டுகிறது என்றால் அது கெடவில்லை. செயலி அதைக் கேட்கவே இல்லை.

உலாவிகளைப் போல் மாற்று எழுத்துருவைத் தாமே தேடும் பழக்கம் எல்லா நிரல்களுக்கும் கிடையாது. படம் வரையும் நிரலகங்களும் விளையாட்டுச் செயலிகளும் பல பிடிஎஃப் நிரலகங்களும் தமக்குக் கொடுத்த ஒரே ஓர் எழுத்துருக் கோப்பை மட்டுமே பார்க்கும். அதில் எழுத்து இல்லையா, கட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். எங்கள் செயலி பைத்தானின் `Pillow` நிரலகத்தைக் கொண்டு சான்றிதழை வரைகிறது. நிரலில் தேடியபோது இந்த வரி கிடைத்தது:

```
font = ImageFont.truetype("DejaVuSans.ttf", 64)
```

டெஜாவு நல்ல எழுத்துருதான். இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. பெயர் வரிக்கு மட்டும் இதை மாற்றினோம்:

```
font = ImageFont.truetype(
  "/usr/share/fonts/truetype/noto/NotoSansTamil-Regular.ttf", 64)
```

கோப்பின் முழு முகவரியையும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் நிரல் எங்கெங்கோ தேடி, கிடைக்காவிட்டால் பிழை சொல்லும். சில செயலிகள் பிழையைக்கூடச் சொல்லாமல் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடும். அப்போது மாற்றிய பிறகும் ஏன் கட்டம் என்று மணிக்கணக்கில் விழித்துக்கொண்டிருப்போம். நிரலைத் திருத்த வழியில்லாத செயலிகளில், அமைப்புக் கோப்பிலோ செயலியின் `fonts` உறையிலோ எழுத்துருவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாவில் எழுதிய செயலிகளுக்கு ஒரு தனி வாசல் உண்டு: ஜாவா நிறுவியுள்ள உறைக்குள் `lib/fonts/fallback` என்ற உறையை உருவாக்கி, தமிழ் எழுத்துருவை அதில் போட்டுச் செயலியை மறுபடி திறந்தால், மற்ற எழுத்துருக்களில் இல்லாதவற்றுக்கு ஜாவா அதை எடுத்துக்கொள்ளும்.

இணையத்திலிருந்து எழுத்துருவை இறக்குவோருக்கு ஒரு சொல். கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து வரும் சுருக்கக் கோப்பில் `VariableFont` என்று பெயரில் உள்ள ஒரு கோப்பும், `static` என்ற உறையும் இருக்கும். தடிமனை மாற்றிக்கொள்ளக்கூடிய முதல் வகையைப் பழைய செயலிகள் சரியாகக் கையாள்வதில்லை. `static` உறைக்குள் இருக்கும் `Regular` கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போய்விட்டது, ஆனால் சேகர் 'சகேர்' ஆகிவிட்டார்

எழுத்துருவை மாற்றிய பின் சான்றிதழில் தமிழ் வந்தது. ஆசிரியை ஒரு நிமிடம் மகிழ்ந்து, மறு நிமிடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். சேகர் இருந்த இடத்தில் 'சகேர்'. பைரவி 'பரைவி' ஆகியிருந்தாள். கோமதியின் ககரத்துக்கு இடப்புறம் நிற்க வேண்டிய கொம்பும் வலப்புறம் நிற்க வேண்டிய காலும் இரண்டுமே ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. குமுதாவின் 'கு'வில் உகரக் குறி மெய்யோடு சேராமல் தனியே தொங்கியது.

தமிழ் படிக்கத் தெரியாதவர் இந்தச் சான்றிதழைப் பார்த்தால் குறையே கண்டிருக்க மாட்டார். சிங்கப்பூரில் இது சிறிய செய்தி அல்ல. நான்கு மொழிகளிலும் அச்சிடும் பதாகைகளையும் துண்டறிக்கைகளையும் வடிவமைப்பவருக்குப் பல வேளைகளில் தமிழ் தெரியாது. கட்டம் இருந்தால் யாரும் நிறுத்திவிடுவார்கள், கொம்பு இடம் மாறினால் அச்சுக்கே போய்விடும். அதனால் கட்டத்தைவிட இந்த இரண்டாவது நோயையே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

காரணம் இதுதான். யூனிகோடில் எழுத்தைச் சேமிக்கும் வரிசை ஒலிப்பு வரிசை: முதலில் ச, பிறகு ஏகாரக் குறி. எழுதும்போதோ கொம்பு முன்னால் வர வேண்டும். சேமித்த வரிசையை எழுதும் வரிசையாக மாற்றி, ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் நிறுத்தி, 'கு', 'சூ' போன்றவற்றுக்கு எழுத்துருவில் உள்ள கூட்டு உருவத்தைத் தேர்ந்தெடுப்பது தனி நிரலின் வேலை. நிரலாளர்கள் இதை ஷேப்பிங் என்பார்கள். உலாவிகளிலும் லினக்ஸ் செயலிகள் பலவற்றிலும் `HarfBuzz` என்ற நிரலகம் இதைச் செய்கிறது; விண்டோஸுக்கும் மேக்குக்கும் தத்தம் சொந்த நிரல்கள் உண்டு. எழுத்துரு செங்கல் என்றால் இது கொத்தனார். எங்களிடம் செங்கல் வந்து இறங்கியிருந்தது, கொத்தனார் வரவில்லை.

`Pillow` இந்த வேலைக்கு `raqm` என்ற நிரலகத்தை நாடுகிறது; அது உள்ளே `HarfBuzz`ஐப் பயன்படுத்துகிறது. இல்லாவிட்டால் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்:

```
python3 -c "from PIL import features; print(features.check('raqm'))"
```

செயலி தனக்கென்று வைத்திருக்கும் பைத்தானைக் கொண்டே இதைக் கேட்க வேண்டும். கணினியின் பொதுப் பைத்தானிடம் கேட்டால் வேறு பதில் வரக்கூடும்.  செயலியின் பைத்தானிடம் கேட்டபோது `False` வந்தது.

`pip` வழியாக நிறுவும் `Pillow` தொகுப்பில் 8.2.0 பதிப்பிலிருந்து `raqm` உள்ளேயே வருகிறது. ஆனால் அது இயங்குவதற்கு வேண்டிய `FriBiDi` என்ற சிறிய நிரலகம் கூட வருவதில்லை; கணினியில் இருக்கிறதா என்று இயங்கும் நேரத்தில் தேடும். இல்லையென்றால் `raqm`ஐயும் ஓசையின்றி ஒதுக்கிவிடும். `FriBiDi` உண்மையில் அரபு, எபிரேயம் போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கானது. தமிழின் கொம்பு இடம் மாறாமல் நிற்க அரபுக்கான நிரலகம் வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியையிடம் விளக்க நான் முயலவில்லை. தீர்வு ஒரே வரி:

```
sudo apt install libfribidi0
```

செயலியை மறுபடி தொடங்கியதும் அதே சோதனை `True` என்றது, சேகர் சேகரானார். விண்டோஸில் இதே செயலியை ஓட்டுபவர்கள் `fribidi.dll` கோப்பைத் தேடி, விண்டோஸ் நிரலகங்களைத் தேடும் பாதைகளில் ஒன்றில் வைக்க வேண்டும். சோதனை `True` என்று சொல்லியும் எழுத்து குலைந்தே வந்தால், நிரலில் யாரோ `Layout.BASIC` என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது ஷேப்பிங்கை வேண்டுமென்றே நிறுத்தும் சொல்.

வேறு நிரலகங்களில் எழுதிய செயலி என்றாலும் அறிகுறி இதேதான். சோதனைக்கு 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அதில் முன்னால் வரும் கொம்பே இல்லை. ஷேப்பிங் இல்லாத செயலியிலும் அது ஏறக்குறையச் சரியாகவே தெரிந்து ஏமாற்றிவிடும். சேகர், பைரவி, கோமதி, குமுதா, சௌந்தரம் என்ற ஐந்து பெயர்களையும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஐந்தும் நேராக வந்தால் ஷேப்பிங் நடக்கிறது.

விண்டோஸில் ஒரு செயலியில் மட்டும் கட்டம்

விண்டோஸ் 8 முதல் `Nirmala UI` என்ற எழுத்துரு கணினியோடு வருகிறது. அதில் தமிழ் உண்டு. ஆகவே இன்றைய விண்டோஸில் ஒரு செயலியில் மட்டும் கட்டம் தெரிந்தால், கணினியில் எழுத்துரு இல்லை என்பது அரிதான காரணம். செயலி தன்னோடு கொண்டுவந்த எழுத்துருவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. அமைப்புகளில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தால் `Nirmala UI` என்று மாற்றிப் பாருங்கள்.

பழைய செயலிகள் சில `Latha` என்ற பெயரைச் சொல்லிக் கேட்கும். முன்பு விண்டோஸோடு வந்துகொண்டிருந்த லதா, விண்டோஸ் 10 முதல் விருப்பத் தொகுப்பாகிவிட்டது. விண்டோஸ் 11இல் `Settings`, `System`, `Optional features` என்று போய், சேர்க்கக்கூடியவற்றின் பட்டியலில் `Tamil Supplemental Fonts` என்று தேடினால் கிடைக்கும். லதாவும் விஜயாவும் அதில் வருகின்றன.

எழுத்துருவை நீங்களே நிறுவியும் செயலி பார்க்கவில்லை என்றால், நிறுவிய விதத்தைக் கவனியுங்கள். கோப்பை இருமுறை சொடுக்கி `Install` அழுத்தினால் அது உங்கள் கணக்குக்கு மட்டுமே நிறுவப்படலாம். வேறு கணக்கில் இயங்கும் செயலிக்கும் பின்னணியில் இயங்கும் சேவைகளுக்கும் அது தெரியாது. கோப்பின்மேல் வலச்சொடுக்கி `Install for all users` என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு செயலியை மூடித் திறக்க வேண்டும். பல செயலிகள் எழுத்துருப் பட்டியலைத் தொடங்கும் நேரத்தில் ஒருமுறைதான் படிக்கும்.

எல்லாம் சரி, ஓரிரு கட்டம் மட்டும் நிற்கிறது

நல்ல தமிழுக்கு நடுவே ஒரே ஒரு கட்டம் என்றால் எழுத்துரு தமிழை அறியும், அந்த ஒரு குறியை மட்டும் அறியாது. கோயில் அழைப்பிதழ்களில் `ௐ` கட்டமாவதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்: அது யூனிகோடில் சேர்ந்தது 2008இல்தான். கிரந்த `ஶ`வும் தமிழ்ச் சுழிய எண்ணும் 2005இல் சேர்ந்தவை. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் இவை இருக்காது. புதிய எழுத்துருவுக்கு மாறுவதே வழி. கண்ணுக்குத் தெரியாத குறிகளும் சில வேளை கட்டமாகும். கைப்பேசிச் செய்தியிலிருந்து நகலெடுத்த பெயருக்குள் `U+200C` என்ற இணைப்புத் தடுப்பான் ஒளிந்திருந்தால், ஷேப்பிங் இல்லாத செயலி அதையும் ஓர் எழுத்தாக எண்ணிக் கட்டம் போடும். அப்போது அந்தப் பெயரைக் கையால் தட்டச்சு செய்துவிடுவதே எளிது.

எங்கள் 64 சான்றிதழ்களிலும் கடைசியாக நின்றது இந்த வகைதான். ஆனால் நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து அது வரவில்லை. பெயர்கள் கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று ஆசிரியை வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்தார். மாற்றினோம், தமிழ் அழகாகவே வந்தது. ஒரு மாணவருடைய பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே மட்டும் கட்டங்கள் இருந்தன. பதிவேட்டில் அந்த இடத்தில் இருந்தது, இங்கே நம் பெயர்களோடு ஒட்டிப் பிறந்த `s/o`. அந்த எழுத்துருவில் தமிழ் முழுமையாக இருந்தது, ஆங்கில எழுத்துகள்தான் இல்லை. ஒரே கோப்பை மட்டும் பார்க்கும் செயலிக்கு இரண்டு மொழியும் உள்ள எழுத்துருவைத்தான் கொடுக்க வேண்டும். கணினியில் அப்படி எவை உள்ளன என்பதை, சகரத்தின் எண்ணையும் `s`இன் எண்ணையும் சேர்த்துக் கேட்டு அறியலாம்:

```
fc-list ":charset=0b9a 0073"
```

பட்டியலில் வந்த ஓர் எழுத்துருவின் முகவரியை நிரலில் எழுதி, 64 சான்றிதழ்களையும் புதிதாக உருவாக்கினோம். முன்பு உருவாக்கியவை படங்கள். அவற்றுக்குள் எழுத்து இல்லை, கட்டத்தின் கோடுகள்தான் இருக்கின்றன. அதனால் பழைய கோப்புகளை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினோம்.